இடியாப்பத்துக்குத் தண்ணீர் அளவு

அம்மாவின் சமையல் வீடியோக்களை ஏன் யாரும் பார்ப்பதில்லை என்பதற்கு நான்தான் காரணம் கண்டுபிடித்தேன். அவர் பேசுவது மட்டும் போதாது. பொருள், அளவு, செய்முறை மூன்றையும் வீடியோவின் கீழே எழுதினால்தான் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எனக்குத் தெரியாததா?

ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில், மாவு பிசைந்துகொண்டே அம்மா சொன்னார்: "மாவு ரெண்டு பால் டின்னு. கொதிக்கிற தண்ணி மூணு டம்ளரு."

காலிப் பால் டின்னில் அளப்பதை அப்படியே எழுதினால், ரப்பர் தோட்டத்து ஆள் என்று சிரிப்பார்கள். இரண்டு கப் மாவு, மூன்று கப் தண்ணீர் என்று எழுதினேன். அம்மாவின் டம்ளர் அந்த டின்னைவிடச் சிறியது என்பதை யோசிக்கவில்லை.

தேடலில் வீடியோ மேலே வந்தது. கூடவே கருத்துகளும் வந்தன: மாவு கூழாகிவிட்டது, இந்த அம்மாவுக்குச் சமைக்கவே தெரியாது. அம்மா கேட்டதால் வாசித்துக் காட்டினேன்.

அன்றே அளவைத் திருத்தினேன். கருத்துகளுக்கும் பதில் போட்டேன். யாரும் திரும்பி வந்து படிக்கவில்லை.

"நான்தான்மா தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

"சும்மா இருலா. படிச்ச புள்ள நீ எப்படித் தப்பா எழுதுவ? நான்தான் மாத்திச் சொல்லிருப்பேன்."

எத்தனை முறை சொல்லியும் அவர் நம்பவில்லை. அதன்பின் கேமரா முன் அவர் நிற்கவேயில்லை.