கூடையில் கிடந்த கையுறை

வியாகுலம்மாள் என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு சண்டையில்தான். முத்தழகுபட்டி செபஸ்தியார் கோயில் திருவிழா. அன்னதானத்துக்கு ஊர் ஊராக நேர்ச்சைக் காணிக்கையாகக் காய்கறி வந்து இறங்குகிறது. செம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த கத்திரிக்காய் மூட்டையைப் பிரித்த ஒருத்தி, பாதியை அள்ளித் தெருவில் கொட்டிவிட்டாள். "நேர்ச்சைன்னு சொல்லிச் சொத்தையையா கொண்டாந்தீரு? உம்ம வீட்டு விருந்துக்கு இதையா வெட்டுவீரு?" அந்த மனுஷன் சிதறியதைப் பொறுக்கக் குனிந்தார். "யாருடி இவ?" என்று காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டதற்கு, "நம்ம சவேரியம்மா மக வியாகுலம். கையுறைப் பட்டறையில குறை பாக்குறவ. அங்க பாத்துப் பாத்து எங்க போனாலும் அதே புத்தி" என்று பதில் வந்தது.

அந்தப் பட்டறை வத்தலக்குண்டு சாலையில் இருக்கிறது. நடத்துபவன் பவுல்ராஜ். அவன் அம்மாவும் சவேரியம்மாளும் கூடப் பிறந்தவர்கள், மூத்தவள் சவேரியம்மாள். ஆக, வியாகுலம் அவனுக்குப் பெரியம்மா மகள், அக்கா முறை. வெல்டிங் வேலைக்காரர்கள் போடுகிற தோல் கையுறைதான் அங்கே செய்கிறார்கள். வியாகுலத்தைத் தவிரப் பதினாலு பேருக்கு வேலை. வெட்டுவதும் தைப்பதும் மற்றவர்கள். தைத்து வருகிற ஒவ்வொரு கையுறையும் கடைசியில் ஜன்னலோரம் இருக்கும் வியாகுலத்தின் மேசைக்கு வந்தாக வேண்டும்.

உள்ளே கையை விட்டு விரலை விரிப்பாள். வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். பிறகு கட்டைவிரல் இடுக்கை இரண்டு கையாலும் இழுப்பாள். அந்த இடத்தில் தையலுக்கு நடுவே மெல்லிய தோல் பட்டை ஒன்று வைத்துத் தைக்க வேண்டும். பட்டை இல்லையென்றால் தீப்பொறி நூலில் விழுந்து நூல் கருகிவிடும். அப்புறம் பொறி நேரே சதையில்தான். பட்டை விட்டுப்போனதும் தையல் தப்பியதும் அவள் கால்மாட்டில் உள்ள கூடைக்குப் போகும். மாலையில் எழுந்திருக்குமுன் கத்திரியை எடுத்து, கூடையில் கிடக்கும் அத்தனை கையுறைக்கும் கட்டைவிரலை நறுக்கி, கையுறைகளைப் பக்கத்தில் இருக்கும் கழிவுப் பீப்பாயில் போட்டுவிடுவாள். அதன்பின் அவற்றை ஒட்டவோ, தெரியாமல் நல்லதோடு கலக்கவோ முடியாது. பத்தொன்பது வருஷமாக இதுதான் வழக்கம்.

போன வருஷம் பவுல்ராஜுக்குச் சரக்கு வாங்கப் புது ஆட்கள் பிடிக்க வேண்டிவந்தது. பழைய வியாபாரிகள் இரண்டு பேர் வேறு பக்கம் போய்விட்டார்கள். திருச்சி துவாக்குடியில் இரும்புக் கட்டுமான வேலை செய்யும் கம்பெனி ஒன்று போனில் விசாரித்தது. அங்கே கொள்முதல் பார்க்கிற வாஜித் என்பவர், "உங்க பட்டறையைப் பத்தி ஒரு வீடியோ இருந்தா அனுப்புங்க சார், பாத்துட்டு மாதிரிக்கு ரெண்டு அனுப்பச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான், பவுல்ராஜ் மதுரையிலிருந்து விக்னேஷ்குமார் என்ற விளம்பரக்காரனைக் கூட்டிவந்துவிட்டான்.

விக்னேஷ்குமார் எழுதிவந்த தாளில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் திரையில் என்ன தெரியும் என்று. வலப்பக்கம் குரல் என்ன பேசும் என்று. எல்லோரையும் நிறுத்திவைத்து வாசித்தான். "உலகத் தரம். ஒரு குறையும் இல்லாத தயாரிப்பு. நவீன ஆய்வுக்கூடத்தில் கணினி மூலம் சோதிக்கப்பட்டு..."

வியாகுலம் கையிலிருந்த கையுறையைக் கீழே வைத்தாள். "தம்பி, நில்லு. கணினி எங்கருக்கு?"

"அதுங்கம்மா... வேற ஒரு மில்லுல இருக்கிற சோதனை மிஷினைக் காட்டிக்கலாம். வாங்குறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்ல."

"பொய்யைக் காட்டி நம்பிக்கையா? நூத்துக்கு நாலு நான் வெட்டித் தள்ளுறேன். அதை உன் தாள்ல எந்தப் பக்கம் எழுதிருக்க? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

தைக்கிற பெண்கள் சிரித்துவிட்டார்கள். பவுல்ராஜுக்கு முகம் சிவந்தது. "யக்கா, சும்மா இருக்கியா? கெட்டதைப் போயி எவனாவது காட்டுவானா? பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட வீட்டு ஓட்டையைக் காட்டுற கதையால்ல இருக்கு!"

"ஓட்டையைக் காட்ட வேணாம்லே. அடைக்கிறவ இருக்கான்னு காட்டு."

யாரும் காட்டவில்லை. படம் பிடிக்கிற அன்று பதினோரு மணிக்குப் பவுல்ராஜ் அவள் மேசைக்கு வந்தான். "யக்கா, நீ வீட்டுக்குப் போ. நாளைக்கு வந்தாப் போதும்."

"கூடையில ஒம்பது கெடக்கு. வெட்டிப்புட்டுப் போறேன்."

"இப்ப வெட்டிக் குப்பை போடாத. லைட்டெல்லாம் வச்சாச்சு. நாளைக்கு வெட்டிக்க. போ."

அவள் எழுந்த ஸ்டூலில் பவுல்ராஜின் மகள் நான்சி வெள்ளை அங்கி போட்டு உட்கார்ந்தாள். காலேஜில் படிக்கிற பிள்ளை. பீப்பாயைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். வாசலைத் தாண்டும்போது வியாகுலம் இதையெல்லாம் பார்த்தாள். சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து வாஜித் போன் செய்தார். நல்ல சேதி என்று நினைத்துப் பவுல்ராஜ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான்.

"பவுல்ராஜ் சார், வீடியோ பாத்தேன். ஒரு நிமிஷம் பத்தாவது செகண்டுல நிறுத்திப் பாருங்க. வெள்ளைக்கோட்டுப் பொண்ணு ஒரு கையுறையைக் காட்டிச் சிரிக்குது. அந்தக் கட்டைவிரல் இடுக்குல பட்டை எங்க சார்?"

பவுல்ராஜ் ஸ்பீக்கரை அணைக்கத் தடவினான். அதற்குள் வாஜித் தொடர்ந்தார்.

"நான் எட்டு வருஷம் வெல்டரா இருந்தவன். அந்த இடத்துல பொறி விழுந்த தழும்பு இன்னும் என் கையில இருக்கு. காட்டுறதுக்குன்னு எடுத்து வச்சதே இப்படின்னா, மூட்டைக்குள்ள என்ன இருக்கும்? அப்புறம் நீங்க காட்டுன மிஷின் துணி சோதிக்கிறது சார். தோலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு வாரம் பாக்குறேன். சரியான பதில் இல்லன்னா வேற எடம் பாத்துக்கிறோம்."

போன் அணைந்தது. பவுல்ராஜ் நேரே ஜன்னலோரம் போனான். பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேசையில் ஓங்கி அறைந்தான்.

"இத்தனை வருஷமா குறை பாக்குறேன் குறை பாக்குறேன்னு சொன்னியே, உன் மேசையிலேருந்துதான போயிருக்கு அந்தக் கையுறை! கண்ணு தெரியலன்னா சொல்லிட்டு வீட்டுல இரு! வந்த ஆளை விரட்டிட்டியே!"

வியாகுலம் எழுந்து நின்றாள். "ஏலே பவுலு, என் கண்ணைத் தாண்டி ஒண்ணு போயிருந்தா, இந்தக் கத்திரியாலயே என் கட்டைவிரலை வெட்டிக்கிறேன். எப்படிப் போச்சுன்னு தெரியாம என்னைச் சொல்லாத." கத்திரியை மட்டும் முந்தானையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்று நாள். வேலை போவது பெரிதில்லை. கண் தெரியாதவள் என்று பதினாலு பேர் முன்னால் சொன்னதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அதை மாற்றாமல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று இருந்தாள். அடுப்புப் பாத்திரம் அத்தனையும் அவள் கையில் அடிபட்டது.

நாலாம் நாள் நான்சி வந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வா. வெள்ளைக்கோட்டு எங்க?"

"அத்தை, திட்டுங்க. ஆனா கேளுங்க. அந்தக் கையுறை உங்க மேசையிலேருந்து வரல. கூடையிலேருந்து அப்பாதான் எடுத்துக் கொடுத்தாரு. லைட்டு முன்னாடி வச்சு வச்சுப் பிடிச்சா நல்லது அழுக்காயிரும், எப்படியும் வெட்டப்போறது இதை வச்சுக்கன்னு சொன்னாரு. எனக்குப் பட்டையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

வியாகுலம் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "உங்கப்பனுக்கு இது நெனப்பு இருக்கா?"

"இருக்கு அத்தை. அதான் மூணு நாளா வீட்டுல யாருகிட்டயும் பேசல."

"நெனப்பு இருந்துக்கிட்டே இருக்கானா!" என்று கத்திரியை எடுத்தாள். நான்சி பயந்துவிட்டாள். "உன்னை ஒண்ணும் பண்ணலடி. நட."

பட்டறையில் விக்னேஷ்குமார் பழைய வீடியோவை ஏதோ வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். வியாகுலம் நடுவில் வந்து நின்றாள். "பவுலு, இவங்க முன்னாடி என்னைச் சொன்ன. இவங்க முன்னாடியே சொல்லு. அந்தக் கையுறையை எடுத்தது யாரு?"

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பவுல்ராஜ் தரையைப் பார்த்தான். "நான்தான்" என்றான். அடிக்குரலில்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"சரி. தாளை எடு தம்பி" என்று விக்னேஷ்குமாரிடம் திரும்பினாள். "நான் சொல்றதை எழுது."

"அம்மா, எழுதறேன். எனக்கு உங்க அண்ணன்... இல்ல, தம்பி கொடுத்த குறிப்பை வச்சுத்தான் முதல்ல எழுதினேன். ஒரு நாள் இங்க உக்காந்து பாத்திருக்கணும். என் தப்பு."

"தப்பு எல்லார்கிட்டயும் கெடக்கு. எழுது."

அன்று பகல் முழுக்க விக்னேஷ்குமார் அவள் மேசை பக்கத்தில் உட்கார்ந்தான். பழைய தாளில் இருந்த உலகத் தரத்தை அடித்தான், கணினியை அடித்தான். இடப்பக்கம்: பட்டறை வாசல், பெயர்ப் பலகை. வலப்பக்கம்: எந்த ஊர், எத்தனை வருஷம், எத்தனை பேர். அடுத்து வியாகுலத்தின் கைகள், கட்டைவிரல் இடுக்கை இழுப்பது, கேமராவை அருகில் வைத்துப் பிடித்தது. அதற்குக் குரல்: "இங்கே பட்டை இல்லாத கையுறை வெளியே போகாது." அடுத்து கத்திரி. அடுத்து தார்ப்பாய் எடுத்த பீப்பாய்.

"நூத்துக்கு நாலு கழிக்கிறோம்னு சொல்லணுமா யக்கா?" பவுல்ராஜ் கெஞ்சுகிற மாதிரி கேட்டான்.

"சொல்லணும். குறையே இல்லங்கிறவனை எவன் நம்புவான்? அதையும் மீறிக் கெட்டது ஒண்ணு போயிட்டா மாத்தித் தருவேன்னு நீ சொல்லணும். உன் மொகத்தைக் காட்டி, உன் வாயால. போன் நம்பரும் போடு."

"ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சுக்கலாம்மா" என்றான் விக்னேஷ்குமார். "நிறையப் பேரு சத்தமில்லாமத்தான் பாப்பாங்க. பேசுறதைக் கீழ எழுத்துலயும் போட்டுர்றேன்."

"போடு. பாட்டு வேணாம்."

அவள் முகத்தையும் படம் பிடிக்கட்டுமா என்று கேட்டான். "அன்னைக்கு வீட்டுக்குப் போகச் சொன்ன மொகம்தான இது? கை போதும்" என்றாள். எவ்வளவு கேட்டும் இசையவில்லை.

பழைய வீடியோ எப்படித் தப்பாகப் போனது என்று பவுல்ராஜே வாஜித்திடம் போனில் சொல்லி, புதியதை அனுப்பினான். வாஜித் நேரிலேயே வந்துவிட்டார். நேரே பீப்பாய்க்குள் கையை விட்டு, கட்டைவிரல் இல்லாத கையுறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வியாகுலம் அவரையும் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நீங்கதானாம்மா அந்தக் கை?"

"ஆமா. உங்க தழும்பைக் காட்டுங்க."

காட்டினார். பார்த்துவிட்டு, "இடுக்குதான்" என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தாள். அவர் முதலில் இருபது டஜன் கேட்டார். அது முடிந்து, இப்போது மாதாமாதம் போகிறது.

பவுல்ராஜ் அவளுக்குச் சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டான். அதில் அவள் சோற்றுத் தூக்கை வைக்கிறாள். வேலை விஷயம் தவிர அவனிடம் ஒரு வார்த்தை கிடையாது. கிறிஸ்துமஸ் பலகாரம்கூட நான்சி கையில்தான் வந்து போனது.

வியாகுலம்மாள் இப்போது அதே பட்டறையில், அதே ஜன்னலோரம், அதே ஸ்டூலில் உட்கார்ந்து கையுறை பார்க்கிறாள்.