மின்சாரம் உண்டா?

பட்டறையில் அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர். காகிதப் பை செய்யும் இயந்திரம் கட்டுகிறவர்தான். ஆனால் போனில் யார் விலை கேட்டாலும், சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் வகுப்பு எடுப்பார். கேட்டவர் போனை வைத்துவிடுவார். இரண்டு வருடம் மாய்ந்து மாய்ந்து கட்டிய புது இயந்திரம் இன்னும் விலைபோகாததற்கு இந்த வாயும் ஒரு காரணம் என்பது அவருக்கே தெரியும்.

ஓடுவதைக் கண்ணால் பார்த்தால் வாங்குவார்கள் என்று, வணிகக் கண்காட்சியில் கடை கேட்டு அமைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதினார். இயந்திரத்தின் பெருமையே ஒன்றரைப் பக்கம். கடைசியில்தான் விஷயம்: அளவு என்ன, வாடகை எவ்வளவு, மின்சாரம் உண்டா?

மறுநாளே பதில். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், வாடகை படிவத்தில், மின்சாரம் உண்டு. இயந்திரம் எட்டடி, இடம் கிட்டத்தட்ட பத்தடி. வாசலை ஒட்டிய பதினோராம் கடையைத் தேர்ந்தெடுத்தார். வாசலில் நுழைந்ததும் நம்முடைய கடைதான் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியும் விட்டார். அப்புறம்தான் படிவத்தை, பட்டறையின் எழுத்து வேலையைப் பார்க்கும் மனைவியிடம் நீட்டினார்.

"எவ்வளவு மின்சாரம்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மனைவி அடிக்குறிப்பில் விரல் வைத்தார்: கடைக்கு ஒரு கிலோவாட், சிங்கிள் ஃபேஸ். இவர் இயந்திரத்துக்கோ மூன்று குதிரைத்திறன் த்ரீ ஃபேஸ் மோட்டார். ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவர் சொந்தப் பரீட்சையில் முதல் கேள்வியிலேயே கோட்டை விட்டிருந்தார்.

அடுத்த மின்னஞ்சல் மூன்றே வரி: த்ரீ ஃபேஸ், மூன்று கிலோவாட் வேண்டும், தனிக் கட்டணம் எவ்வளவு, எப்போதைக்குள் விண்ணப்பிக்க வேண்டும்? கட்டணமும் கடைசித் தேதியும் வந்தன. கூடவே ஒரு செய்தி: த்ரீ ஃபேஸ் இணைப்பு பின்வரிசையில் மட்டும்தான். அதில் மிச்சம் ஒரே கடை, அறுபத்து நான்கு, கழிப்பறைக்குப் பக்கத்தில்.

மத்தியானம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றால் கௌரவம். ஆனால் ஓடாத இயந்திரத்தை மேஜை என்று நினைத்துப் பையை வைத்துவிட்டுப் போவார்கள். கடைசியில் தன் கையாலேயே பதினொன்றை அடித்துவிட்டு அறுபத்து நான்கு என்று எழுதினார்.

கண்காட்சியில் எல்லோரும் எப்படியும் ஒருமுறை அந்தப் பக்கம் வந்துதான் ஆகவேண்டியிருந்தது. சடசடவென்று விழும் பைகளைப் பார்த்து ஒரு பேக்கரிக்காரர் நின்றார்.

"எங்க கடையிலயும் கரண்ட் இருக்குங்க. இது ஓடுமா?"

வாத்தியார் வகுப்பைத் தொடங்க வாயைத் திறந்தார். மனைவியின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"நானும் அப்படித்தாங்க கேட்டேன். அதான் கழிப்பறை பக்கத்துல நிக்கிறேன்."

பேக்கரிக்காரர் சிரித்து முடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப என்ன கேட்டிருக்கணும்? சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் அவரிடம் ஒருவர் தானாகப் பாடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வாத்தியார் இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொண்டார். மனைவி ஆர்டர் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.