ஐம்பது நிமிடம் என்பது பூஜ்யம்

அந்தப் பெண் பொய் சொன்னாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கள். அவள் சொன்னது பொய் இல்லை என்று அப்போதே உங்களுக்குத் தெரியும்.

படிக்கிறவர்களுக்காக யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்று நான் சொல்வது செம்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரியை. நான் அங்கே கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. அந்தப் பெண் வெளிநோயாளி கவுண்டரில் பதிவுச் சீட்டு போட்டுக் கொடுத்தவள். தாராவியிலிருந்து வருவாள். வேலை ஒப்பந்தக் கணக்கில். நிரந்தரம் இல்லை.

என் வேலை என்னவென்றால், கம்பெனிகள் அனுப்பும் ஒப்பந்தங்களைப் படித்துப் பிழை பார்ப்பது. நான் வக்கீல் இல்லை. சட்டம் தெரியாது. எண்களைப் பார்ப்பேன். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்வேன். எண் என்ன, அது எந்த அளவில் இருக்கிறது, எந்தக் காலத்துக்கு. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். ஒத்துப் போகாவிட்டால் கேள்வி எழுதுவேன். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். இதற்குப் பெரிய மூளை வேண்டாம். அவசரப்படாமல் இருந்தால் போதும்.

பதிவுச் சீட்டு போடும் மென்பொருளைப் புதிதாக வாங்கியபோது சேவை ஒப்பந்தமும் என்னிடம் வந்தது. கம்பெனியின் சிஸ்டம் மாதத்தில் எவ்வளவு நேரம் ஓடியே ஆக வேண்டும், ஓடாவிட்டால் அதை எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் அதில் இருந்தது. மூன்று இடத்தில் இடித்தது.

முதல் இடம். உள்ளே 99.5 சதவீதம் என்று இருந்தது. பின்னால் அட்டவணையில் 95.5. தட்டச்சுப் பிழை. ஆனால் சின்னப் பிழை இல்லை. முப்பது நாள் மாதத்தில் எழுநூற்று இருபது மணி நேரம். 99.5 என்றால் மூன்று மணி முப்பத்தாறு நிமிடம் நிற்கலாம். 95.5 என்றால் முப்பத்திரண்டு மணிக்கு மேல் நிற்கலாம். கம்பெனி திருத்திக் கொடுத்தது.

இரண்டாவது, ஓரிடத்தில் மாதத்துக்கு ஒரு தடவை அளப்போம் என்றும் இன்னோரிடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்றும் இருந்தது. மூன்று மாதத்தைச் சேர்த்து அளந்தால் ஒரு மோசமான மாதம் இரண்டு நல்ல மாதத்துக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதையும் திருத்தினார்கள்.

மூன்றாவதுதான் வினை. உள்ளே, நின்ற நேரத்தை நிமிடங்களில் எண்ணி மாதக் கடைசியில் கூட்டுவோம் என்று இருந்தது. பின்னிணைப்பில், ஒவ்வொரு தடங்கலையும் தனித்தனியாக முழு மணி நேரங்களில் எண்ணுவோம் என்று இருந்தது. முழு மணி என்றால் அறுபது நிமிடம் முடிந்தால் ஒன்று. முடியாவிட்டால் பூஜ்யம். ஐம்பது நிமிடம் நின்றால் பூஜ்யம். பத்து நாள் ஐம்பது ஐம்பது நிமிடமாக நின்றாலும் பத்துப் பூஜ்யம். கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. உள்ளே இருப்பதும் பின்னிணைப்பும் முரண்பட்டால் பின்னிணைப்பே செல்லும்.

நான் ஓரத்தில் குறிப்பு எழுதினேன். "இரண்டு இடத்திலும் அளவு வேறு. நிமிடம் என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணிக்குள் நிற்பது எதுவும் கணக்கில் வராது." இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது.

உங்கள் அறையில் கம்பெனி ஆள் உட்கார்ந்திருந்தான். நீங்கள் அவனுக்குக் காப்பி வரவழைத்திருந்தீர்கள். அவன் என் தாளைப் பார்த்துச் சிரித்தான்.

"அரே சார், சப் குச் ஸ்டாண்டர்ட் ஹை. எல்லா ஆஸ்பத்திரிக்கும் இதே பேப்பர்தான்."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "என்ன ஓய், ஸ்கூல் வாத்தியார் மாதிரி செவப்புக் கோடா போட்டுண்டு இருக்கேள்? ரெண்டு தப்பு புடிச்சேள், பேஷ். மூணாவது எதுக்கு? நிமிஷம்னா என்ன, மணின்னா என்ன, டைம் டைம்தானே?"

"இல்லை சார், ஐம்பது நிமிஷம் நின்னா..."

"ஐம்பது நிமிஷம் எதுக்கு நிக்கணும்? நின்னா பாத்துக்கலாம். நாளைக்கு டிரஸ்டி கையெழுத்துக்குப் போகணும். கமெண்டையெல்லாம் க்ளோஸ் பண்ணி க்ளீன் காப்பியா அனுப்புங்கோ."

அனுப்பினேன். குறிப்பின் பக்கத்தில் 'தீர்ந்தது' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினேன். தீரவில்லை என்று தெரிந்தே அமுக்கினேன். அடியில் என் பெயரும் நேரமும் பதிந்தது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திலக் நகர் வீட்டுக்கு நடந்தே போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

சிஸ்டம் வந்த சில மாதத்தில் காலையில் நிற்க ஆரம்பித்தது. ஒன்பது மணிக்குக் கூட்டம் ஏறும், பத்து நிமிடத்தில் திரை உறையும். நாற்பது நிமிடம், சில நாள் ஐம்பது. பிறகு தானாக வரும். கவுண்டரில் அந்தப் பெண் வெறும் தாளில் நம்பர் எழுதிக் கொடுத்து ஜனங்களை உட்கார வைப்பாள். திட்டு முழுக்க அவளுக்கு. மராட்டியில் ஒருத்தர், ஹிந்தியில் ஒருத்தர், தமிழில் ஒருத்தர். அவள் ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்கு மெயில் போடுவாள். சிஸ்டம் திரும்ப வந்ததும் கம்பெனியிலிருந்து பதில் வரும், சரிசெய்துவிட்டோம் என்று.

ஒரு நாள் டிரஸ்டி ஒருவரின் மைத்துனர் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார். புகார் வந்தது. நீங்கள் அவளிடம் விளக்கம் கேட்டீர்கள். சிஸ்டம் நின்றுவிட்டது, இந்த மாதம் பதினோரு நாள் நின்றிருக்கிறது என்று அவள் எழுதிக் கொடுத்தாள். நீங்கள் கம்பெனியின் மாத அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டீர்கள். அதில் நூறு சதவீதம். நின்ற நேரம் பூஜ்யம். வேலையை விட்டு நீக்கும் கடிதத்தில் காரணம் என்று நீங்கள் எழுதியது இதுதான்: தன் அலட்சியத்தை மறைக்கப் பொய்யான தகவல் தந்தார்.

அந்தக் கடிதத்தோடு அவள் என் மேஜைக்கு வந்தாள். அழவில்லை. கடிதத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்காவன்னு ஒரு தடவ சத்தமா வாசிங்க. நான் வாசிச்சது சரிதானான்னு பாக்கணும்."

வாசித்தேன்.

"அப்ப சரியாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றாள். "வேல போனா போவுது. வேற ஆஸ்பத்திரில கேக்கப் போனா இந்தக் கடுதாசியத்தான கேப்பாவ? பொய்க்காரின்னு எழுதிக் குடுத்தா எவன் கவுண்டர்ல ஒக்கார வைப்பான்? எங்கம்மாகூட கேக்கா, நெசமாவே நின்னுச்சாட்டின்னு."

"நின்னுதும்மா. எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மேல்மாடில இருக்கிய."

நின்றாலும் அறிக்கையில் பூஜ்யம் என்றுதான் வரும், ஒப்பந்தத்தைப் படித்த அன்றே தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். கை கால் எல்லாம் யாருடையதோ மாதிரி இருந்தது. பல்லுக்கு ஊசி போட்டால் உதடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அப்படி.

அவள் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்தாள். பதினோரு நாளும் நின்ற நேரம், வந்த நேரம் எழுதி வைத்திருந்தாள். கூட்டினேன். நானூற்று நாற்பத்தைந்து நிமிடம். ஏழு மணி இருபத்தைந்து நிமிடம். அந்த மாதத்துக்கு முப்பது நாள். நாற்பத்து மூவாயிரத்து இருநூறு நிமிடத்தில் நானூற்று நாற்பத்தைந்து போனால் மிச்சம் 98.97 சதவீதம். ஒப்பந்தம் கேட்டது 99.5. நிற்கலாம் என்று விட்டது இருநூற்றுப் பதினாறு நிமிடம். அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நின்றிருக்கிறது. ஆனால் ஒரு நாள்கூட அறுபது நிமிடத்தைத் தொடவில்லை. அதிகபட்சம் ஐம்பத்தைந்து. ஆகவே பதினோரு பூஜ்யம். ஆகவே நூறு சதவீதம். கம்பெனி பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. நடுவில் நான் திருத்தாமல் விட்ட ஒரு வரி இருந்தது.

கணக்கை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தீர்கள்.

"கவுண்டர் பொண்ணு நோட்டை வெச்சுண்டு கம்பெனி ரிப்போர்ட்டைத் தப்புங்கறேளா?"

"ரிப்போர்ட் தப்பில்லை சார். அதுல நிமிஷமே எண்ணலை. அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னேள். அப்பறம் யாரு க்ளோஸ் பண்ணினது? கீழ யாரு பேர் இருக்கு? என் பேரா? நான் வேணா எடுத்துக் காட்டட்டுமா?"

"என் பேர்தான்."

"அப்ப பேசாம போய் வேலையைப் பாரும். ரிடையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கும்."

போனேன். அன்று வீட்டுக்குப் போகாமல் ரயிலேறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி ஒரு கடையில் இட்லி தின்றேன். எத்தனை தின்றேன் என்று பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. ருசி ஒன்றும் தெரியவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஒரு வாரம் அப்படித்தான் ஆபீஸ் போய் வந்தேன். எண்களைப் பார்த்தேன், கேள்வி எழுதினேன், வீட்டுக்கு வந்தேன்.

கோபம் வந்தது வேறொரு காகிதத்தைப் பார்த்து. அவள் கம்பெனிக்குப் போட்ட பதினோரு மெயிலையும் கம்பெனியின் பதினோரு பதிலையும் கவுண்டர் கணினியிலிருந்து அச்செடுத்தேன். சேவை நின்றிருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று கம்பெனியே தேதியும் நேரமும் போட்டு எழுதியிருக்கிறது. அவள் நோட்டில் இருப்பதற்கும் அதற்கும் இரண்டு மூன்று நிமிடம்தான் வித்தியாசம். கம்பெனியின் பதில் ஒவ்வொன்றிலும் நகல் போன முகவரி ஒன்றே ஒன்று. உங்களுடையது. பதினொன்றும் உங்களுக்கு வந்தது. அதில் நான்குக்கு, நன்றி என்று நீங்களே பதில் போட்டிருக்கிறீர்கள்.

ஆகவே அறிக்கையை நம்பி ஏமாந்துபோனேன் என்று நீங்கள் சொல்ல முடியாது. சிஸ்டம் நின்றது தெரிந்துதான் அவளைப் பொய்க்காரி ஆக்கினீர்கள். டிரஸ்டிக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஓட்டை என்று சொல்வதைவிடக் கவுண்டர்காரியைத் துரத்துவது சுலபம்.

என் பங்கை நான் ஒளிக்கவில்லை. பொத்தானை அமுக்கியது நான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இரண்டு வருடத்தைக் காட்டி இனி என்னைப் பயமுறுத்த முடியாது. ஆனால் என் பிழை அவள் பிழை ஆகாது. அவள் இப்போது காட்கோபரில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருக்கிறாள். இரண்டு கிளினிக் அந்தக் கடிதத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டன.

அடுத்த மாதம் மாதுங்காவில் டிரஸ்டின் பொதுக்கூட்டம். உறுப்பினர்கள், ஊழியர்கள், நோயாளிகள் யார் வேண்டுமானாலும் வரலாம். மைக் இருக்கும். நான் அச்செடுத்த இருபத்திரண்டு மெயிலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என்னைக் கூப்பிட்டு அறைக்குள் பேச வேண்டாம். மேடையில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இதற்குப் பதில் சொல்லுங்கள்: அந்தப் பதினோரு நாள் காலையிலும் சிஸ்டம் நின்றதா, இல்லையா? நின்றது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால், அந்தக் கடிதத்தை எப்போது திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறீர்கள்?