கறுப்புத் தலைப் புழு

எண்ணெய்ப் பழம் காய்க்கும் செம்பனை மரத்திலிருந்து விழுந்த குலை முதுகில் பட்டதிலிருந்து என் கணவர் படுக்கையில்தான் இருந்தார். தோட்டத்து மறுநடவில் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே சோளம் போட மேனேஜர் அனுமதித்திருந்தார். கன்றுகள் நிழல் கட்டிவிட்டால் அதுவும் கிடையாது. ஆகவே இதுதான் கடைசிப் போகம். லூபோக் சீனா சாலையோரத்தில் சோளம் அவித்து விற்றுத்தான் எங்கள் வீடு ஓடியது.

பூச்சி மருந்துக்கடை பாய் முன்பே எச்சரித்திருந்தார்.

"படைப்புழு வருதும்மா. ஓரத்துல மட்டும் பாக்காத. கோணக்கோண நடந்து, அஞ்சு இடத்துல நில்லு, இடத்துக்குப் பத்து செடி பாரு. புழு நெத்தியில தலைகீழா ஒரு இங்கிலீஷ் ஒய், வாலுகிட்ட சதுரமா நாலு புள்ளி. சின்னதா இருக்கும்போதே, வெயில் சாஞ்சதும் குருத்துக்குள்ள அடிச்சிரு லா."

அவர் கொடுத்த மருந்தை வாங்கி வைத்தேன்.

விதைத்த மூன்றாம் வாரத்தில் இலைகளில் பச்சையைச் சுரண்டிய வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. நூல் போல் சின்னப் புழுக்கள், தலை கறுப்பு. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒய் எழுத்து இல்லை. சாதாரணப் புழு என்று நானே தீர்ப்பு எழுதினேன். பெரிய ஆராய்ச்சிக்காரி! மருந்தைத் திறக்கவில்லை. படுத்திருப்பவரை எதற்குக் கலங்கடிப்பது என்று அவரிடமும் மூச்சு விடவில்லை.

பத்து நாள் கழித்து ஒய் தெரிந்தது. பழுப்புத் தலையில், சுண்ணாம்பால் கோடு போட்டது மாதிரி. இலையெல்லாம் ஓட்டை. குருத்துக்குள் ஈர மரத்தூள் போலக் கழிவு அடைத்திருந்தது. ஓடிப்போய்ப் பாயிடம் கேட்டேன்.

"சின்ன வயசுல அதுக்குத் தலை கறுப்பாத்தான் இருக்கும், ஒய் சரியாத் தெரியாது. இலையில வெள்ளைத் திட்டு தெரிஞ்சப்பவே அடிச்சிருக்கணும்மா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட தேவலாம்.

இருந்தும் அடித்தேன். அடைப்புக்குக் கீழே இருந்த புழுவுக்கு மருந்து எட்டவே இல்லை. குச்சியால் ஒவ்வொரு குருத்தாக நோண்டி எடுத்து நசுக்கினேன், மிச்சம் சாகட்டும் என்று குருத்துக்குள் மணல் போட்டேன். எத்தனை செடிக்குத்தான் ஒரு ஆள் குனிவது? வெளியே வந்த பூக்கதிரும் கடிபட்டே வந்தது. வயலுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரு நாள் காலை என் கணவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வரிசை முழுக்க நடந்தார். ஒரு குருத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"சின்னதா இருக்கும்போதே பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமாமே, பாய் போன்ல சொன்னாரு. உன் கண்ணுல படவே இல்லையா?"

"இல்லீங்க" என்றேன்.

"பரவால்ல, விடு. நீ ஒருத்தி என்னான்னுதான் பாப்ப" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீடு வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.