சனிக்கிழமை ஜோடி

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி ரயில் நிலையத்தை நோக்கி நொண்டிக்கொண்டே நடந்தேன். பின்னால் யாரும் வரவில்லை. தெரிந்தும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். மறுநாளிலிருந்து தஞ்சோங் பகார் அலுவலகங்களுக்கு நடந்தே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பகல் முழுக்க நடை. வலது கால் தாங்குமா என்பது ஒன்றே எனக்கு அப்போது தெரிய வேண்டியிருந்தது.

நான் விட்டுவந்த வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்கார ஆன்ட்டி தனியாக இருந்தார். அவர் மகன் முந்தைய வருடம் டெங்கியில் இறந்துவிட்டான். அவனும் என்னைப் போல ஓடுகிறவன். வாசலில் செருப்பு அலமாரியில் அவனுடைய மூன்று ஜோடி ஓட்டக் காலணிகள் இருந்தன.

எனக்கு இருந்தது ஒரே ஜோடி. ஓடாவிட்டால் தூக்கம் வராது, அதனால் எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும் ஓடுவேன். கணுக்காலுக்கு மேலே எலும்போரம் வலிக்க ஆரம்பித்ததும் பாலிகிளினிக் என்கிற அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோ ஒரு தமிழ்ப் பெண்.

"முதல்ல தூரத்தைக் குறைங்க," என்றாள். "முடிஞ்சா வேற வேற மாதிரி ஷூ ரெண்டு மூணு மாத்திப் போடுங்க. ஒரே இடத்துலயே அடி விழாது. அப்படிப் போடறவங்களுக்குக் காயம் குறைவா இருக்குன்னு ஆராய்ச்சில பார்த்திருக்காங்க."

"அப்ப ஷூதான் மருந்தா?"

"அப்படிச் சொல்ல முடியாது லா. கவனமா ஓடறவங்கதான் மூணு ஷூ வாங்குவாங்களோ என்னவோ, அதனாலகூடக் காயம் குறையலாம்."

இதை ஆன்ட்டியிடம் சொன்னபோது அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். "அவனும் இதையேதான் சொல்வான். உங்க சைஸ்தான் தம்பி. செவ்வாய் நீலம், வியாழன் வெள்ளை, சனி மெலிசு."

செத்தவன் காலணி என்று எனக்குக் கூச்சம் இல்லை. புதிது வாங்க வழியும் இல்லை. நீலம் கனமாக, மெத்தென்று இருந்தது. வெள்ளை கொஞ்சம் இறுக்கம். தூரத்தையும் குறைத்ததால் எலும்போர வலி மெல்ல அடங்கியது.

தாழ்வாரத்தில் நான் திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கும், ஆன்ட்டி பார்லித் தண்ணீரோடு நிற்பார். சத்தத்தை வைத்தே எந்தக் காலணி என்று சொல்லிவிடுவார். ஒரு வியாழன் வெள்ளை ஜோடி மழையில் நனைந்திருந்ததால் என் பழையதைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அன்று கதவு சாத்தியிருந்தது. ஓடும்போது சாவி எடுத்துப்போவதில்லை, மணியடித்தேன். திறந்தவர் என் முகத்தைப் பார்த்து, "யாரு வேணும்?" என்றார். பிறகு எதுவும் நடக்காதது போல உள்ளே போய்விட்டார்.

மெலிசான ஜோடிக்குக் குதிகாலில் உயரமே இல்லை. முதல் சனிக்கிழமையே, அவன் ஓடுவான் என்று ஆன்ட்டி சொன்ன முழுத் தூரத்தையும் ஓடினேன். அடுத்த சனியும் ஓடினேன். இப்போது வலி குதிகாலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. காலையில் கட்டிலிலிருந்து காலை ஊன்ற முடியவில்லை.

பிசியோ குதிகாலுக்குப் பின்னால் தசைநாரை அழுத்திப் பார்த்தாள். "குதிகால் தாழ இறங்கினா இதுவும் கெண்டைக்காலும் அதிகமா இழுபடும். சுமை குறையாது, இடம் மாறும். இந்த மாதிரி ஷூவுல பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சு மெதுவாக் கூட்டணும். யாரு உங்களை முழுசா ஓடச் சொன்னது?"

செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தேன்.

அந்த வாரம் ஓடவில்லை. சனிக்கிழமை முழுக்க அறைக்குள் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தேன். ஞாயிறு மதியம் கதவைத் திறந்தால் என் வாசலில் மெலிசான ஜோடி, கயிறு தளர்த்தி, மூக்கு வெளியே பார்த்தபடி.

"ஆன்ட்டி, இனிமே இது வேணாம். கால் போச்சுன்னா எனக்கு வேலை போயிரும்."

"மாத்தி மாத்திப் போட்டா அடிபடாதுன்னு நீதானே சொல்வே." அதுவரை அவர் என்னை நீ என்று கூப்பிட்டதில்லை. "நேத்து நல்லாத்தானே ஓடினே. சத்தம் கேட்டுச்சே."

குனிந்து ஒன்றை எடுத்தேன். உள்ளே ஈரம். வெதுவெதுப்பான ஈரம்.

"கழுவினீங்களா?"

"அதை ஏன்யா கழுவணும்," என்று சிரித்தார். "குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்."

துணிகளைப் பையில் திணித்தேன். சாவியை மேசையில் வைத்தேன். அவர் சமையலறையில் இரண்டு தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

அன்றிரவு தேக்கா பக்கம் ஒரு கூட்டாளியின் அறையில் படுத்தேன். விடிந்ததும் படிக்கட்டில் காலைச் சோதித்தேன். மூன்றாவது படியில் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. தஞ்சோங் பகாருக்கு போன் செய்து வரவில்லை என்றேன். வேற ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கூட்டாளி என்னைத் தேக்கா சந்தையின் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே ஒரு பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரர் பாய் என் காலைப் பார்த்தார்.

"நின்னு செய்ற வேலை முடியாது போல."

"முடியாது பாய்."

ஒரு சின்ன ஸ்டூலையும் கத்தியையும் என் பக்கம் தள்ளினார். வெங்காய மூட்டையைப் பிரித்து உரிக்க ஆரம்பித்தேன்.