ஆறாவது படியில் உதறும் கை

என் பிழைப்பு ஏணி ஏறுவது. நிஜ ஏணி என்றாலாவது நாலு பேர் மதித்திருப்பார்கள். நான் கேம் தயாரிக்கும் கம்பெனியில் சோதித்துப் பார்க்கிறவன். திரையில் இருக்கும் ஒரு ஆளை நாள் முழுக்க ஏற்றி இறக்கி, எங்கே கோளாறு என்று புகார் எழுத வேண்டும். புகார் எழுதுகிறவனை யாருக்குப் பிடிக்கும்?

அந்த ஆளுக்கு அசைவு கொடுத்தவளைக் 'கணுக்கால்' என்று கூப்பிடுவோம். எதிரே யார் வந்தாலும் முகத்தை விட்டுவிட்டு, கால் எப்படி ஊன்றுகிறது என்று பார்ப்பாள். சிரிக்கத் தெரியாது, விட்டுக்கொடுக்கவும் தெரியாது. இருந்தாலும் அந்த அலுவலகத்தில் நான் நம்பிய ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளைக் கூட்டிவந்து சேர்த்த அவள் அண்ணன்தான் எங்கள் புரோகிராமர். கேமுக்குள் இருக்கும் சுவர், மாடி, ஏணி எல்லாம் கட்டுவது அண்ணி. மூவரும் ஒரே வீடு, ஒரே கார்.

ஏணியில் ஐந்து படி வரை ஆள் ஒழுங்காக ஏறுவான். ஆறாவது படியில் கை வெடுக்கென்று உதறி, கீழ்ப்படியைப் பிடிக்கும். முழங்கால் துள்ளும். நான் எழுதிய புகார் எல்லாவற்றுக்கும் அண்ணன் ஒரே பதில்தான் போட்டான்: அசைவு சரியில்லை, கிளிப்பை மாற்றவும். பாவம், ஏறும் அசைவைப் பதிந்துவைத்த அந்தக் கிளிப்பை அவள் ஒன்றரை மாதமாகத் திருப்பித் திருப்பிச் செய்தாள். கடைசியில் டீம் லீட் கூட்டம் போட்டார்.

"இந்த வாரமும் சரியாகலன்னா ரெடிமேட் கிளிப் வாங்கிக்கலாம். நீங்க வேற வேலை பாத்துக்கோங்க" என்றார் அவளிடம், நேராகவே.

அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஐகேவை அணைச்சிட்டு ஏறுங்க."

ஐகே என்பது வேறொன்றுமில்லை. கை இந்தப் படியில் இருக்க வேண்டும் என்று சொன்னால், முழங்கையும் தோளும் எப்படி மடிய வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும். கிளிப் கையைப் படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட, ஐகே மிச்ச இடைவெளியை இழுத்து ஒட்டவைக்கும்.

"அணைக்காத, கேம் நின்னுடும்" என்று அண்ணன் பதறினான். இதையே சொல்லித்தான் இத்தனை நாளும் என்னை அதன் பக்கம் போகவிடாமல் வைத்திருந்தான்.

அணைத்தேன். எதுவும் நிற்கவில்லை. முதலில், அவள் கிளிப் செய்யும்போது அளவுக்கு வைத்திருந்த பழைய சோதனை ஏணி. கையும் காலும் தாமாகவே படிமேல் அச்சாக உட்கார்ந்தன. அடுத்தது அண்ணியின் ஏணி. முதல் படியில் கை விரல்கடை கீழே நின்றது. அடுத்த படியில் இன்னும் கீழே. ஆறாவதில் பாதி இடைவெளியையும் தாண்டிவிட்டது, ஆள் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என் கிளிப்ல ஒரு அடி வச்சா உடம்பு முப்பது சென்டிமீட்டர் ஏறும். இந்த ஏணில படிக்குப் படி முப்பத்திமூணு. மிச்சம் சேர்ந்துக்கிட்டே போகுது. ஐகே கிட்ட இருக்குற படியைத்தான் தேடும். ஆறாவதுல கீழ்ப்படி கிட்ட வந்துடுது, அதைப் பிடிக்குது. ஏணியை அளவா கட்டணும், இல்லன்னா ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஏறுற தூரத்தை அந்த ஏணியோட இடைவெளிக்கு நீட்டணும். அது அண்ணன் வேலை."

அண்ணி எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். "சுவரை உசத்தச் சொன்னாங்க. படியைக் கூட்டாம ஏணியையும் பிடிச்சு மேல இழுத்துவிட்டேன்" என்றாள் மெதுவாக.

லீட் தொண்டையைச் செருமினார். கிளிப் அப்படியே இருக்கட்டும், அவளும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நழுவினார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

நானும் ஒயரைச் சுற்றும் சாக்கில் அங்கேயே நின்றேன்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று அண்ணி புருஷனைக் கேட்டாள்.

"முதல் நாளே. நீ ராப்பகலா கட்டினது... பிரிச்சுக் கட்டுன்னு எப்படிச் சொல்றது? வீட்ல சண்டை வேண்டாம்னுதான்."

"ஏணி தப்புன்னு சொன்னா நான் தாங்க மாட்டேன். வேலையே போனாலும் உங்க தங்கச்சி தாங்கிப்பா. அப்படித்தானே?"

அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்று தங்கையைக் கூப்பிட்டான்.

"நீ போண்ணா. நான் தங்குறதுக்கு வேற இடம் பாக்கணும்."

அண்ணி தன் பையைத் தோளில் மாட்டினாள். "இரு, நானும் உன்கூட வர்றேன்."

கணுக்கால் அன்று முதல்முறையாக அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம் அண்ணி. ஒன்றரை மாசமா தட்டுல சோறு போட்டுக்கிட்டே, உனக்கு இந்த வேலை வராதும்மான்னு நீங்கதானே சொன்னீங்க."

அண்ணி பையைக் கழற்றித் திரும்ப மேசைமேல் வைத்தாள்.