விதைநெல் டிரம்மில் வெங்காயம்

அன்று மண்டியில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவள் தம்பி, மண்டிக்காரர்.

மகளுக்கு வளைகாப்பு. இன்னும் மூன்று வாரம். சம்பந்தி வீடு பட்டுக்கோட்டை. வேன் வைத்து வருவார்கள். சமையல்காரர் எழுதிக் கொடுத்தது வெங்காயம் நாற்பது கிலோ, உருளை முப்பது கிலோ. வெங்காயம் ஒரே வாரத்தில் முப்பதிலிருந்து அறுபதுக்குப் போயிருந்தது.

"நூறைத் தொடும் மாமா. போன்ல பாத்தேன். இப்பவே மூட்டையா தூக்கிடணும்" என்றான் மச்சான். போனில் பார்த்தது போன வருஷத்து வீடியோ என்பது பிறகு தெரிந்தது.

மண்டிக்காரர் இரண்டு குவியல் காட்டினார். "இது பழசுங்க, காஞ்ச காய். ரெண்டு மாசம் தாங்கும். கிலோவுக்குப் பத்து ரூவா கூட. அது புதுசு, மழையில புடுங்குனது. பத்து நாள்ல தீத்துடணும்."

"நாப்பதே கிலோ, பழசா எடுங்க" என்றாள் மனைவி.

"அக்காவுக்கு வியாபாரம் தெரியாது" என்றான் மச்சான்.

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். புதுசில் இரண்டு மூட்டை, நூறு கிலோ. உருளை ஒரு மூட்டை.

நாற்பது வருஷம் நெல் வைத்துக் காப்பாற்றியவன் நான். ஈரக்காற்று பட்டால் நெல் போச்சு. அதனால் வெங்காயத்தைக் காலியாக இருந்த விதைநெல் டிரம் இரண்டில் கொட்டி, மூடியை இறுக்கி, மேலே சாக்கும் போட்டேன். உருளைக்குக் காற்று வேண்டும் என்று மச்சான் சொன்னான். ஜன்னலடியில் வெயில் படும்படி பரப்பினோம். ஒவ்வொன்றுக்கும் வேண்டியதை இன்னொன்றுக்குக் கொடுத்தோம்.

"வெங்காயத்துக்கு மூச்சு முட்டுமேங்க" என்றாள் மனைவி.

"வெங்காயம் என்ன புள்ளையா?" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் வீட்டில் எலி செத்திருக்கிறது என்று தேடினோம். பரண் பார்த்தோம், பீரோவை நகர்த்தினோம். கடைசியாக டிரம்மைத் திறந்தேன். மச்சான் வாசலுக்கு ஓடினான். அடியில் தண்ணீர் நின்றது. மேலே இருந்தது முளைத்திருந்தது. உருளையும் முளை விட்டு, ஜன்னல் பக்கம் பச்சையாகியிருந்தது.

சமையல்காரர் வந்து பார்த்தார். "பச்சை ஏறுனது ஆகாதுங்க. புள்ளத்தாச்சி சாப்பிடுற எல. நான் கை வைக்க மாட்டேன்."

"சீவிட்டுப் போடலாம்ல?" என்றான் மச்சான்.

"உங்க எலையில போடுறேன் தம்பி."



அதற்குள் வரத்து அதிகமாகி வெங்காய விலை முப்பத்தைந்துக்கு இறங்கிவிட்டது. மனைவி தானே மண்டிக்குப் போனாள். பழைய காய் இருபத்தாறு கிலோ, புது உருளை முப்பது கிலோ. சமையல்காரர் கேட்ட நாற்பதில் மீதியை என் டிரம் கொடுத்தது. கெட்டியாக இருந்ததை மட்டும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துப் பொறுக்கி, மச்சானும் நானும் தராசில் வைத்தோம்.

நூறு கிலோவில் பதினாலு கிலோ.